தேங்கிய பண்டிகைச் சரக்கைக் கடையின் பெயர் கெடாமல் கரைத்தல்

தீபாவளிக்கு வாங்கிய சரக்கு முழுவதும் தீபாவளிக்குள் விற்றுத் தீர்ந்த ஜவுளிக்கடை ஒன்றையேனும் நான் கண்டதில்லை; அப்படித் தீர்ந்திருக்குமானால், அந்தக் கடைக்காரர் அளவுக்குக் குறைவாகக் கொள்முதல் செய்துவிட்டார் என்றும், கடைசி மூன்று நாள்களில் படியேறி வந்தவர்களில் பலரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார் என்றுமே கொள்ள வேண்டியிருக்கும். ஆகையால் மிச்சம் இருப்பது குற்றமன்று. அந்த மிச்சத்தை எந்த வரிசையில், எந்தக் காரணத்தைச் சொல்லி, எந்த இடத்தில் வைத்து விற்கிறோம் என்பதில்தான் கடையின் கௌரவம் நிற்கிறது.

விலையைக் குறைத்தால் கடையின் மதிப்புக் குறைந்துவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மையே. 1935-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனம் தீபாவளிக் காலத்தில் 30 சதவீதத் தள்ளுபடியில் விற்பது தமிழ்நாட்டில் யாவரும் அறிந்த விஷயம். அதனால் அதன் பட்டுச்சேலை மட்டமானது என்று யாரும் நினைப்பதில்லை. அரசு கைத்தறிக்குக் கொடுக்கும் மானியம் அது என்ற காரணமும், குறித்த காலத்தோடு அது முடிந்துவிடும் என்ற வரம்பும் வாங்குபவர் மனத்தில் தெளிவாக இருக்கின்றன. மாறாக, நேற்று 750 ரூபாய்க்கு விற்ற சட்டையை இன்று யாதொரு காரணமும் சொல்லாமல் 450 ரூபாய்க்குக் கொடுக்கிற கடையில், வாங்குபவர் சட்டையைப் பற்றிச் சந்தேகப்படுவதில்லை. விலைச்சீட்டைப் பற்றிச் சந்தேகப்படுகிறார். அந்தச் சந்தேகம் ஒரு முறை புகுந்துவிட்டால், கடையில் உள்ள மற்ற எல்லாச் சீட்டுகளின் மேலும் அது படிந்துவிடும். எனவே குறைத்த விலைக்குக் காரணம், கால வரம்பு, தனியிடம் ஆகிய மூன்றும் இருந்தால் பெயர் கெடாது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது; அதை ஒரு கடையின் கணக்கை வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

ஒரு கடையின் கணக்கு

மாவட்டத் தலைநகர் ஒன்றில் நடுத்தரமான ஜவுளிக்கடை ஒன்றை வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கென்று அந்தக் கடை 600 ஆண்கள் சட்டைகளை, ஒன்று 400 ரூபாய் அடக்க விலையில் வாங்கி, 750 ரூபாய் விலை ஒட்டியது. பண்டிகை முடிந்தபோது 400 சட்டைகள் விற்றிருந்தன, 200 மிஞ்சின. வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கொள்முதல் 2,40,000 ரூபாய், விற்று வந்தது 3,00,000 ரூபாய். போட்ட முதல் திரும்பிவிட்டது என்றாலும், வாடகையும் சம்பளமும் விளம்பரமும் எடுத்தபின் கிடைக்க வேண்டிய லாபம் பெரும்பாலும் அந்த 200 சட்டைகளுக்குள் 80,000 ரூபாயாக அடைபட்டுக் கிடக்கிறது.

இந்த 80,000 ரூபாய்க்கு வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதத்துக்கு 800 ரூபாய்தான். வட்டியை நினைத்துப் பதறி மறுநாளே பாதி விலைக்குத் தள்ளுகிறவர்கள் இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. உண்மையான நஷ்டம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. பொங்கலுக்கு வர வேண்டிய புதுச் சரக்கின் இடத்தை அலமாரியில் இவை பிடித்துக்கொள்கின்றன. மேலும் அந்த ஆண்டு ஓடிய நிறமும் கட்டமும் காலர் வெட்டும் அடுத்த ஆண்டு பழசாகத் தோன்றும். ஆகவே ஒரு வாரம் தாமதிப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. மாசி மாதத்தைத் தாண்டவிடுவதால்தான் கெடும்.

தீபாவளி முடிந்து கடையை ஒழுங்குசெய்யும் முதல் வாரத்திலேயே மிஞ்சியதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். நம் கடையில் 90 சட்டைகள் 38, 40, 42, 44 என்று எல்லா அளவும் உள்ள முழு செட்டுகளாக இருந்தன. 80 சட்டைகள் சைஸ் கட் ஆனவை. அதாவது நடு அளவுகள் விற்றுப்போய் 38-ம் 44-ம் மட்டும் நின்றவை. மற்ற 30 பொம்மைக்குப் போட்டதால் வெளுத்தவை, பித்தான் போனவை, மடிப்பில் அழுக்குப் பிடித்தவை. இம்மூன்றையும் ஒரே குவியலாகக் கொட்டி ஒரே விலை போடுவதே கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம். அதனால் நல்ல 90 சட்டைகள், அழுக்கான 30 சட்டைகளின் விலைக்கு இறங்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, அந்தக் குவியலைக் கிளறுகிற வாடிக்கையாளர் கையில் முதலில் அகப்படுவது அழுக்குச் சட்டையாகத்தான் இருக்கும்.

விலையைக் குறைக்குமுன் இரண்டு கணக்குகளை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, லாபத்தைக் காப்பாற்றும் கணக்கு. 750 ரூபாயில் ஒரு சட்டைக்கு 350 ரூபாய் நிற்கிறது. 20 சதவீதம் குறைத்து 600 ரூபாய் ஆக்கினால் 200 ரூபாய் நிற்கும். அதே மொத்த லாபம் வேண்டுமானால் நான்கு சட்டை விற்ற இடத்தில் ஏழு விற்க வேண்டும். 40 சதவீதம் குறைத்து 450 ரூபாய் ஆக்கினாலோ 50 ரூபாய்தான் நிற்கும். ஒன்று விற்ற இடத்தில் ஏழு விற்றாக வேண்டும். இந்தக் கணக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சரக்குக்கே பொருந்தும்; அத்தகைய சரக்கில் தள்ளுபடி போடுவது எவ்வளவு பெரிய செலவு என்பதை அது காட்டுகிறது.

தேங்கிய சரக்குக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு. அங்கே 400 ரூபாய் அடக்க விலை என்பது முடிந்துபோன விஷயம். அதைப் பிடித்துக்கொண்டு, ‘அசலுக்குக் கீழே கொடுக்க மாட்டேன்’ என்று சொல்லுகிறவர் இரண்டு ஆண்டுகள் கழித்து 100 ரூபாய்க்குக் கொடுப்பார். ஒரு சட்டைக்கு அடித்தளமான விலை, இன்றைக்கு லாட்டாக வாங்குகிற வியாபாரி கேட்கும் விலையே. நம் கடையில் எல்லாவற்றையும் சேர்த்து லாட்காரர் சட்டைக்கு 200 ரூபாய் கேட்கிறார் என்று கொள்வோம். அதாவது மொத்தமும் 40,000 ரூபாய். அந்த 200 ரூபாய்க்கு மேல் ஒவ்வொரு சட்டைக்கும் எவ்வளவு வாங்க முடியும், அதற்குக் கடைப்பெயரை எவ்வளவு பணயம் வைக்க வேண்டும் என்பதே கேள்வி.

செட்டாகச் சேர்ப்பது

முழு அளவுள்ள 90 சட்டைகளுக்குத் தள்ளுபடி தேவையேயில்லை. அவற்றில் குறை ஒன்றுமில்லை, நாள்தான் கடந்துவிட்டது. இவற்றைப் பொங்கலுக்கும், தை பிறந்ததும் தொடங்கும் கல்யாண முகூர்த்தங்களுக்கும் வேட்டியோடு சேர்த்து ஒரே பெட்டியில் ஒரே விலையாக வைப்பதே சரியான மார்க்கம். 350 ரூபாய் வேட்டியும் 750 ரூபாய்ச் சட்டையும் தனித்தனியே 1,100 ரூபாய் ஆகின்றன. சேர்த்து 899 ரூபாய் என்று வைக்கலாம். வாங்குபவர் கண்ணில் படுவது பொங்கல் செட்டின் விலை. சட்டையின் விலை இறங்கிய செய்தி எங்கும் எழுதப்படவில்லை. அடுத்த ஆண்டு அதே தரத்துச் சட்டையை 750 ரூபாய்க்கு விற்பதில் யாருக்கும் ஆட்சேபம் எழாது.

ஆனால் இதில் கடைக்காரர் தம்மையே ஏமாற்றிக்கொள்ள இடமிருக்கிறது. வேட்டியின் அடக்கம் 200 ரூபாய் என்றால், 899-இல் அதைக் கழித்துவிட்டுச் சட்டைக்கு 699 ரூபாய் கிடைத்ததாகச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. பொங்கலுக்கு வேட்டி வாங்க வந்தவர் செட் இல்லாவிட்டாலும் வேட்டியை 350 ரூபாய் கொடுத்து வாங்கியிருப்பார். ஆகவே கழிக்க வேண்டியது 350. சட்டைக்கு உண்மையாகக் கிடைப்பது 549 ரூபாய். அதுவும் நல்ல விலைதான், ஆனால் 699 அன்று.

எதை எதோடு சேர்ப்பது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தானாக ஓடும் பண்டம் ஒன்றோடு தேங்கியது ஒன்றைச் சேர்க்கலாம். தேங்கியது இரண்டைச் சேர்த்தால் வாங்குபவர் இரண்டையும் தொடமாட்டார். கடைக்கே பெயர் வாங்கிக் கொடுத்த பண்டத்தை, ஊரில் நம்மிடம் மட்டுமே கிடைக்கிறது என்று ஜனங்கள் தேடிவருகிற அந்த ஒரு பண்டத்தை, எந்தச் செட்டிலும் சேர்க்கக் கூடாது. இலவச இணைப்போடு வந்த பண்டத்தை அடுத்த முறை இணைப்பில்லாமல் வாங்க யாருக்கும் மனம் வராது. செட்டில் ஒன்றைத் திருப்பிக்கொடுக்க வருகிறவருக்கு எவ்வளவு தொகை திரும்பும் என்பதையும் முன்பே நிர்ணயித்து, பில்லில் வேட்டிக்கு இவ்வளவு, சட்டைக்கு இவ்வளவு என்று பிரித்து அச்சிட்டுவிட்டால் கவுண்ட்டரில் வாக்குவாதம் எழாது.

வரி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒன்று 2,500 ரூபாய்க்கு மேற்படாத ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதம். வேட்டி, சட்டை இரண்டும் 5 சதவீதத்தில் இருப்பதால் நம் செட்டுக்குத் தொந்தரவு இல்லை. 3,000 ரூபாய்க் கோட்டோடு 700 ரூபாய்ச் சட்டையைச் சேர்த்து ஒரே விலையாக விற்றாலோ, அது சட்டத்தின் கண்ணில் கலப்பு விற்பனை ஆகி, அதிகமான விகிதமே முழுத் தொகைக்கும் விதிக்கப்பட இடமுண்டு. 5 சதவீதச் சட்டைக்கும் 18 சதவீதம் கட்ட நேரும். மறுபக்கம், இதே வரம்பு தள்ளுபடிக்குத் துணையாகவும் வரலாம். வரி நீங்கலாக 3,000 ரூபாய் விலையுள்ள கோட்டை வாங்குபவர் வரியோடு 3,540 ரூபாய் கொடுக்கிறார். பில்லிலேயே 20 சதவீதம் கழித்து 2,400 ரூபாய் ஆக்கினால் வரி 5 சதவீதமாக இறங்கி அவர் கொடுப்பது 2,520 ரூபாய். கடைக்காரர் விட்டுக்கொடுத்தது 600 ரூபாய், வாங்குபவருக்கு மிஞ்சியது 1,020 ரூபாய். விற்கும்போதே பில்லில் காட்டிய தள்ளுபடியே வரிக்குரிய மதிப்பிலிருந்து கழியும் என்பதால், தள்ளுபடியை வாய்ச்சொல்லாக வைக்காமல் பில்லில் தனியே எழுதிக் காட்ட வேண்டும். இவ்விஷயங்களை ஒரு முறை உங்கள் கணக்காயரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தள்ளுபடி மேடை

சைஸ் கட் ஆன 80 சட்டைகளும், செட்டில் போகாமல் நின்ற மிச்சமும் தள்ளுபடிக்கு உரியவை. இங்கே நான் முதலில் சொல்ல விரும்புவது விலையைப் பற்றியதன்று, அடுக்குவதைப் பற்றியது. கடையில் சட்டைகள் டிசைன் வாரியாகத் தொங்குகின்றன. 44 அளவு உடலுள்ள ஒருவர் பத்து டிசைன்களைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒன்பதில் தம் அளவு இல்லை என்று கேட்டுச் சலித்துப்போகிறார். அதே சட்டைகளை டிசைனை மறந்துவிட்டு அளவு வாரியாக, 38 எல்லாம் ஒரு ராக்கிலும் 44 எல்லாம் மற்றொன்றிலுமாக மாற்றித் தொங்கவிடுங்கள். அந்த 44 அளவுக்காரர் தம் அளவில் நாற்பது சட்டைகளை ஒருசேரப் பார்க்கிறார். ஜவுளிக்கடையில் இது அவருக்கு அபூர்வமாகக் கிடைக்கும் சந்தோஷம். சரக்கில் இருந்த குறை, அடுக்கும் முறையில் இருந்த குறைதான் என்பது அப்போது தெரியும். இதற்கு ஒரு காசு செலவில்லை. ஆயினும் இதைச் செய்யும் கடைகள் மிகச் சில.

ராக் கடையின் முகப்பில் இருக்கக் கூடாது. மாடியிலோ உள்ளறையிலோ தனியாக, நல்ல வெளிச்சத்தில், மற்றச் சரக்குக்குப் போடுகிற அதே ஹேங்கரில் இருக்க வேண்டும். தரையில் கொட்டிய குவியல் வாங்குபவருக்குச் சொல்லும் செய்தி ஒன்று. வரிசையாகத் தொங்கும் ராக் சொல்லும் செய்தி வேறு. பலகையில் காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள்: ‘தீபாவளிச் சட்டைகள், சில அளவுகள் மட்டும் உள்ளன, ஞாயிற்றுக்கிழமை வரை.’ இதைப் படிக்கிறவருக்கு ஏன் மலிவு என்ற கேள்வியே எழாது.

விலையை 10, பிறகு 20, பிறகு 30 சதவீதம் என்று வாரந்தோறும் இறக்குவதைவிட, ஒரே இறக்கமாக 750-இலிருந்து 499 ரூபாய்க்கு வருவது உத்தமம். படிப்படியாக இறங்குகிற கடையில் ஜனங்கள் அடுத்த படிக்குக் காத்திருக்கக் கற்றுக்கொள்வார்கள். நாள்களும் பத்துக்கு மேல் வேண்டாம். முடியும் நாள் என்று எழுதிய நாளில் ராக்கை உண்மையிலேயே எடுத்துவிட வேண்டும். ‘மேலும் மூன்று நாள் நீட்டிப்பு’ என்று பலகை மாற்றுகிற பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிப்போயிற்று. அந்தப் பலகையைப் பார்த்து அவசரப்படுகிறவர் இன்று எவருமில்லை.

தொடங்கும் நாளும் முக்கியம். தீபாவளிக்கு மறுவாரமே தொடங்கினால், முழு விலை கொடுத்து வாங்கியவர் தம் சட்டையின் முதல் சலவைக்கு முன்னே அதன் விலை இறங்கியதைப் பார்க்க நேரும்; அவரே நம் நல்ல வாடிக்கையாளர், அவர் மனம் நோவதே மிகப் பெரிய நஷ்டம். குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். அதோடு, தீபாவளிப் பில்லைக் கொண்டுவருகிறவர்களுக்கு மட்டும் தள்ளுபடி மேடையை ஒரு நாள் முன்னதாகத் திறந்துவிடுங்கள். ஏமாந்தோம் என்று நினைத்திருக்கக்கூடியவர், தமக்கு முதல் மரியாதை கிடைத்தது என்று எண்ணிப் போவார்.

விலைச்சீட்டில் செய்யக் கூடாதவை இரண்டு. தள்ளுபடிக்கு முன்தினம் 750-ஐ 999 ஆக்கிப் பிறகு பாதி விலை என்று எழுதுவது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறையில் சேரும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையைக் குறைத்துச் சீட்டு ஒட்டலாம், ஆனால் ஒட்டும் சீட்டு அச்சிட்ட விலையை மறைக்கக் கூடாது. இன்னொன்று, ‘தள்ளுபடிப் பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையை நம்பி இருந்துவிடாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறையாகவே கருதப்படுகிறது. பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் வரை வாங்குபவர் கேட்கலாம். பித்தான் இல்லை, லேசாக வெளுத்தது என்ற குறை எதுவானாலும் அதை முன்பே காட்டி, பில்லிலும் குறித்துக் கொடுத்துவிடுவதே நமக்குப் பாதுகாப்பு.

இணையச் சந்தையில்

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ முதலிய சந்தைகளில் சைஸ் கட் சரக்குக்கு ஓர் அனுகூலம் உண்டு: அங்கே வாங்குபவர் தம் அளவைத் தேர்ந்தெடுத்துத்தான் தேடுகிறார், மற்ற அளவுகள் இல்லாத குறை அவர் கண்ணில் உறுத்துவதில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் விலை வேறு, கைக்கு வரும் தொகை வேறு. கணக்குக்காக ஒரு சட்டையை 599 ரூபாய்க்குப் பட்டியலிட்டதாகவும், தரகும் கட்டணங்களும் 100 ரூபாய், அனுப்பும் செலவு 70 ரூபாய், பை 10 ரூபாய் ஆனதாகவும் கொண்டால் 419 ரூபாய் நிற்கிறது. பத்துச் சட்டை அனுப்பியதில் மூன்று திரும்பி வந்தால், திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்து இரு வழியும் பையும் சேர்ந்து 150 ரூபாய் போகும். ஏழு விற்ற 2,933 ரூபாயில் 450 ரூபாய் கழிந்து 2,483 ரூபாய். ஒரு சட்டைக்கு 355 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மேடையில் 499 ரூபாய்க்குப் போகிற சட்டையை 599 ரூபாய் கிடைக்கிறதென்று இணையத்துக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்து விளங்கும். மேடை முடிந்தபின் மிஞ்சியதற்கே இணையம் உரியது. அதிலும் ஒரு டிசைனில் பத்துச் சட்டையாவது இல்லாவிட்டால், படம் எடுத்து அளவுகளைப் பதிந்து பட்டியலிடும் உழைப்புக்கே கட்டுபடியாகாது.

திரும்பி வருவதைக் குறைக்க ஒரே நல்ல வழி, அளவை இன்ச்சில் சொல்வது. 44 என்று மட்டும் எழுதாமல் மார்புச் சுற்றளவு, தோள், நீளம் மூன்றையும் நாடா வைத்து அளந்து எழுதினால் ‘அளவு சரியில்லை’ என்ற காரணத்தில் திரும்புவது கணிசமாகக் குறையும்.

கடைப்பெயரைக் காக்க வேண்டிய இடம் இதுவே. கடையில் முழு விலைக்குத் தொங்கும் டிசைனை இணையத்தில் குறைந்த விலைக்குப் போடாதீர்கள். வாங்குபவர் நம் கவுண்ட்டரில் நின்றுகொண்டே அதைத் தம் கைப்பேசியில் காட்டுவார். தேங்கிய சரக்குக்கென்று வேறொரு விற்பனைப் பெயரை வைத்துக்கொள்ளலாம். அது மறைவு வேலையும் ஆகாது. விற்பவரின் வியாபாரப் பெயரையும் முகவரியையும் சந்தை நிறுவனம் காட்டவேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன. பண்டிகைக் காலப் பெருவிற்பனைகளில் சேரும்படி சந்தை நிறுவனம் அழைக்கும்போது, குறைக்கிற தொகையை யார் ஏற்கிறார்கள் என்பதைப் படித்துப் பார்த்தபின்பே சம்மதிக்க வேண்டும். மின்னல் வேக டீல்களில் ஒரு முறை இறக்கிய விலை நெடுநாள் நினைவில் நிற்கும்; விலை வரலாற்றைக் காட்டும் இணையத்தளங்கள் இருக்கின்றன. ஆகையால் மீண்டும் வாங்க உத்தேசமில்லாத சரக்கை மட்டுமே டீலில் விடுங்கள்.

லாட்டும் கணக்கு முடிப்பும்

வெளுத்த 30 சட்டைகளைத் தொடக்கத்திலிருந்தே கடைத் தளத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஈரோட்டில் கனி மார்க்கெட் போன்ற வாரச் சந்தைகளுக்குச் சரக்கு எடுக்கிற வியாபாரிகள் இத்தகைய லாட்டுகளை வாங்குவார்கள். இணையத்திலும் போகாமல் நின்றவற்றை இதோடு சேர்த்துவிடலாம். கொடுக்குமுன் கழுத்துப் பட்டையில் தைத்த கடை லேபிளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுங்கள். கடைப்பெயர் அச்சிட்ட அட்டைப் பெட்டியிலும் பையிலும் வைத்துக் கொடுக்காதீர்கள். நடைபாதையில் 200 ரூபாய்க்கு நம் லேபிளோடு தொங்குகிற ஒரு சட்டை, ஒரு வருஷத்து விளம்பரத்தை அழித்துவிடும். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடாமல் பில் போட்டே கொடுக்க வேண்டும். அடக்க விலைக்குக் கீழே விற்றது என்பதற்காகக் கொள்முதலில் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியதில்லை. அநாதை இல்லத்துக்கு இலவசமாகக் கொடுத்தாலோ, எரித்து அழித்தாலோ அந்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். 400 ரூபாய்ச் சட்டைக்கு அது 20 ரூபாய், முப்பதுக்கும் 600 ரூபாய். தர்மம் செய்ய நினைப்பவரை அந்தத் தொகை தடுக்கப் போவதில்லை.

நம் கடையின் கணக்கு எப்படி முடியக்கூடும் என்று பார்ப்போம். 90 முழு அளவுச் சட்டைகளில் 70 பொங்கல் செட்டில் போனால், உண்மை விலையான 549 ரூபாய் வீதம் 38,430 ரூபாய். நின்ற 20, சைஸ் கட் 80-ஓடு சேர்ந்து மேடையில் 100. அதில் 60 விற்றால் 29,940 ரூபாய். மிஞ்சிய 40-இல் 25 இணையத்தில் 8,875 ரூபாய். கடைசி 15-ம், வெளுத்த 30-ம் சேர்ந்து 45 சட்டை. தரம் தாழ்ந்த லாட் என்பதால் 150 ரூபாய் வீதம் 6,750 ரூபாய். ஆக 83,995 ரூபாய். முதல் நாளே லாட்டில் தள்ளியிருந்தால் 40,000 ரூபாய்தான் கிடைத்திருக்கும். எல்லாக் கடையிலும் எண்கள் இப்படியே அமையும் என்று நான் சொல்லவில்லை. வரிசை மாறினால் தொகை எப்படி மாறும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இவ்வளவையும் செய்தபின் கடைப்பெயர் கெட்டதா இல்லையா என்பதை எப்படி அறிவது? மாதந்தோறும் மொத்த விற்பனையில் முழு விலைக்குப் போனது எத்தனை சதவீதம் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தள்ளுபடி நடந்த மாதத்தில் அது இறங்குவது இயல்பு. அடுத்த இரண்டு மாதங்களில் பழைய அளவுக்கு ஏறாவிட்டால் நோய் பிடித்துவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே காதில் விழும் அடையாளம் ஒன்று உண்டு. பண்டிகைக்கு முந்திய வாரத்தில், சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, ஆடிக்கு இதே சட்டை ஐந்நூறுக்கு வருமா?” என்று ஒருவர் கேட்பது சாதாரணம்; பலரும் அப்படிக் கேட்டுவிட்டு வாங்காமல் படியிறங்கினால், அந்த ஆண்டு ஆடித் தள்ளுபடியை ஒரு முறை நிறுத்திப் பார்க்கத் தைரியம் வேண்டும். ஆடிக்கென்றே மட்டச் சரக்கை வாங்கி வந்து தள்ளுபடி என்று விற்பது இந்த நோயை முற்றவைக்கும். ‘ஆடிச் சரக்கு’ என்று ஜனங்கள் ஏளனமாகச் சொல்வது இப்படிப்பட்ட கடைகளால் வந்த வினை.

கடைசியாக, சைஸ் கட் குவியலில் 38-ம் 44-ம் எத்தனை எத்தனை நின்றன என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அளவையும் சமமாக வாங்கியதால்தான் ஓரத்து அளவுகள் நின்றன. அடுத்த தீபாவளிக் கொள்முதலில் உற்பத்தியாளர் ஒன்றுக்கொன்று சமமான செட்டை நீட்டினால், ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்ற விகிதத்தில் கட்டித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.